பர்மா வெற்றிலைப் பெட்டி: நிஜ லேக்கரா, வார்னிஷ் அடித்த மரமா?

"மயிலாப்பூரில் ஒரு பழம்பொருள் கடையில் சிவப்பு நிறத்தில் உருண்டையான வெற்றிலைப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். பர்மா லேக்கர், நூறு வருஷப் பழசு, 18,000 ரூபாய் என்கிறார் கடைக்காரர். மேலெல்லாம் மெல்லிய வெடிப்பு இருக்கிறது, பழைய வாசனையும் வருகிறது. கூட வந்த தச்சரோ, வார்னிஷ் அடித்த மரம்தான் சார் என்கிறார். யார் சொல்வது சரி? எப்படிக் கண்டுபிடிப்பது?"

அந்த இரண்டு பேர் சொல்வதும் ஒரே பெட்டியில் உண்மையாக இருக்கலாம். அப்படி ஒரு பெட்டியைப் பார்த்து நான் தவறாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன். அதனால்தான் வெடிப்பையும் வாசனையையும் நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் உதவும், ஆனால் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது விளிம்பைத்தான். பூச்சு எத்தனை ஆழம் போகிறது, அடியில் என்ன இருக்கிறது என்பதை விளிம்பும் சில்லு பெயர்ந்த இடங்களும்தான் காட்டும்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் லேக்கர் என்றாலே அரக்கு என்று சொல்லிவிடுகிறோம். அரக்கு ஒரு பூச்சியின் பிசின். சன்னபட்டணா பொம்மையும் எட்டிகொப்பாகா பொம்மையும் அந்த அரக்கில் செய்யப்படுபவை. கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். சூடு பட்டால் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். நம் தச்சர்கள் கதவுக்குப் போடும் பழைய பிரெஞ்சு பாலிஷும் அதே அரக்கைத்தான் ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது.

பர்மா லேக்கர் வேறு. அது மரத்தின் பால். பர்மியர்கள் அதைத் தித்சி என்பார்கள். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. மாங்காய்ப் பால் உதட்டில் பட்டுப் புண்ணானவர்களுக்கும், சலவைக் குறி போடும் சேராங்கொட்டைச் சாறு தோலில் பட்டுக் கொப்பளம் கண்டவர்களுக்கும் அந்தப் பாலின் குணம் புரியும். பச்சையாக இருக்கும்போது தித்சியும் தோலை அப்படித்தான் பதம் பார்க்கும். நன்றாக இறுகிவிட்டால் தொந்தரவு இல்லை.

வார்னிஷுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இறுகும் விதத்தில் இருக்கிறது. ஸ்பிரிட் பாலிஷிலும் தின்னர் கலந்த பூச்சுகளிலும் கரைப்பான் ஆவியாகிப் போக, எஞ்சியது படலமாக நிற்கிறது. மரப்பால் அப்படி உலர்வதில்லை. அதற்குள் இருக்கும் ஒரு நொதி, காற்றின் ஈரத்தில் வேலை செய்து, பாலை மெல்ல மெல்லக் கெட்டியான பொருளாக மாற்றுகிறது. அதனால்தான் பர்மாவின் பகான் ஊர்க் கைவினைஞர்கள் பூச்சு பூசியதும் வெயிலில் வைக்காமல் ஈரக் கசிவுள்ள நிலவறையில் வைக்கிறார்கள். ஒரு பூச்சு இறுகப் பல நாள். அப்புறம் தேய்த்து மழுக்கி அடுத்த பூச்சு. நல்ல பெட்டி ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். அப்படி இறுகிய பால் ஸ்பிரிட்டிலும் கரையாது, தின்னரிலும் கரையாது.

சரி, இப்போது விளிம்புக்கு வருவோம்.

நீங்கள் சொல்லும் உருண்டைப் பெட்டி, பர்மாவில் குன்-இட் எனப்படும் வெற்றிலைப் பெட்டியாக இருக்க வேண்டும். உயரமான உருளை மூடி, கிட்டத்தட்ட அடிவரை இறங்கி மூடும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள் உட்காரும். அதன் கூடு பெரும்பாலும் மூங்கில்: மூங்கிலை நாடா நாடாவாகச் சீவி, வட்டமாகச் சுற்றியோ பின்னியோ செய்திருப்பார்கள். அந்தக் கூட்டின்மேல் மரப்பாலோடு சாம்பல், மரத்தூள் போன்றவற்றைக் குழைத்துப் பூசுவார்கள். தயோ என்று பெயர். நம்மூர் பெயிண்டர்கள் பட்டி பார்ப்பார்களே, அதே வேலைதான். மேடு பள்ளம் மறைய இரண்டு மூன்று முறை பட்டி, அதற்குமேல் கருப்புப் பால் பல பூச்சு, அதற்கும் மேலே சிவப்பு.

ஆகவே ஒரு நிஜப் பெட்டியின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால், அந்தக் காயத்துக்குள் மண் அடுக்குபோல வரிசை தெரியும். வெளியே சிவப்பு, அடுத்து பளபளப்பான கருப்பு, அதன்கீழ் மங்கலான சாம்பல் அல்லது பழுப்புப் பட்டி, கடைசியில் மூங்கில் நார். கருப்பு அடுக்கின் மெல்லிய ஓரத்தில் டார்ச் வெளிச்சம் படும்போது அது கெட்டிக் கருப்பாக இல்லாமல் அடர்ந்த தேன்பாகு நிறத்தில் தெரிந்தால் மரப்பால் என்பதற்கு நல்ல அடையாளம். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். அது இல்லாமல் போகவே போகாதீர்கள்.

வார்னிஷ் அடித்த மரத்தில் அதே காயம் வேறு கதை சொல்லும். மேலே கண்ணாடிபோல ஒரு படலம், அடியில் சாயம், உடனே மரம். சிவப்பு பெயிண்ட் அடித்து மேலே வார்னிஷ் போட்டிருந்தால் பெயிண்ட் அடுக்கு ஒன்று கூடும். இடையில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோன்ற பட்டி தெரிந்தால் அது கடையில் வாங்கிய மரப் பட்டி. பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் படலமாக இருந்தால் காயத்தின் ஓரம் வெளுத்து, லேசாகத் தூக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் தாள் உரிவதுபோல நிற்கும்.

சில்லே பெயராத பெட்டி என்றால் தேய்மானத்தைப் பாருங்கள். தினமும் மூடியைத் தூக்கும் விரல்கள் படும் இடத்தில் சிவப்பு தேய்ந்து, அடியில் உள்ள கருப்பு மெல்ல மெல்ல வெளியே வரும். எங்கே சிவப்பு முடிகிறது, எங்கே கருப்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அடுக்குகள் மெல்லியவை என்பதால் தேய்மானம் அப்படிச் சரிந்து இறங்கும். செயற்கையாகப் பழசாக்கியவர்கள் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் இணைகோடுகள் தெரியும். அதைவிட, தேய்ந்திருக்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடும். மூடியை இரண்டு கையாலும் நிஜமாகத் தூக்கிப் பாருங்கள். உங்கள் விரல் போகாத இடத்தில் ஏன் தேய்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூவும் உருவமும் உள்ள பெட்டி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. யுன் எனப்படும் பர்மியக் கீறல் வேலையில் கோடுகளை ஊசிமுனைக் கருவியால் கீறி, அந்தப் பள்ளத்தில் நிறத்தை நிரப்பி, மேலே உள்ளதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். பழைய நிறங்கள் நம் நாட்டு மருந்துக் கடைக்குத் தெரிந்தவைதான்: சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலம். ஆக நிறம் பள்ளத்தில் இருக்க வேண்டும். பின்னால் தூரிகையால் வரைந்ததோ அச்சு ஒட்டியதோ என்றால் நிறம் மேட்டில் நிற்கும், விரல் நுனியில் தட்டுப்படும். ஒரு எச்சரிக்கை: சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்தில் பாஷாணம். பழைய பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க யாரையும் விடாதீர்கள், அதில் தின்பண்டமும் வைக்க வேண்டாம்.

மரம் என்று தச்சர் சொன்னதைச் சோதிக்க எடையே போதும். மூடியை ஒரு கையில் தூக்குங்கள். மூங்கில் கூடு என்றால் இவ்வளவு பெரிய பெட்டி இவ்வளவு லேசா என்று தோன்றும். வெளிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பூச்சுக்கு அடியில் வளையம் வளையமாக மூங்கில் சுற்று மிக மெல்லிய அலையாகத் தெரியும். கடைசல் மரத்தில் அந்த வளையம் வராது. இருந்தாலும் கூடு மரமாக இருப்பதாலேயே பொய் என்று தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் மரக் கூட்டின்மேல் மரப்பால் பூசிய பாத்திரங்களும் பர்மாவில் உண்டு. அப்படிப்பட்ட பழைய கடைசல் பெட்டி ஒன்று கிடைத்தால் டேப்பை வைத்து மூடியின் விட்டத்தை இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் வட்டமாகக் கடைந்தது பல ஆண்டுகளில் கொஞ்சம் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். இரண்டு அளவும் அச்சாக ஒன்றாக இருந்தால் மரம் புதிது என்று சந்தேகப்படலாம்.

இனி வெடிப்பு. வெடிப்பு இருக்கிறதா என்று கேட்பதில் பயன் குறைவு. எதனால் வெடித்தது என்று கேட்டால் பயன் உண்டு.

நிஜ லேக்கரில் பூச்சு தானாகச் சும்மா வெடிப்பது அபூர்வம். கூடு அசைவதால் வெடிக்கும். மூங்கிலோ மரமோ ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும். மேலே உள்ள கெட்டிப் பூச்சால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பிளக்கும். அதனால் வெடிப்பு கூட்டின் போக்கிலேயே ஓடும். மூங்கில் சுற்றிய பெட்டியில் சுற்றை ஒட்டிக் கிடைமட்டமாக, அல்லது மூடியின் மேல்தளமும் பக்கமும் சேரும் முனையில் வளையமாக வரும். மரக் கூடு என்றால் நார் போகும் திசையில் வரும். ஒரு பக்கம் நீளமாக இரண்டு வெடிப்பு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை என்று ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். லென்ஸில் பார்த்தால் வெடிப்பின் உதடுகள் கண்ணாடி உடைந்ததுபோலக் கூர்மையாக, சில இடத்தில் லேசாக மேலே தூக்கியிருக்கும். ஆழம் பட்டிவரை போகும். நகத்தை மெதுவாகக் குறுக்கே நகர்த்தினால் தட்டும்.

சென்னையின் புழுக்கம் இந்தப் பெட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும். ஈரத்தில் பிறந்த பூச்சு அது. ஐம்பது வருடம் மர அலமாரியில் ஒரு கீறல்கூட விழாமல் இருந்த பெட்டி, ஏ.சி. அறையில் விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த ஒரே வருடத்தில் வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வெடிப்பை வைத்து வயதை எண்ணவே முடியாது. வெயில் பட்டதா என்பதை மட்டும் சொல்லலாம்: ஜன்னல் பக்கமாக இருந்த பக்கம் மங்கி, பளபளப்புப் போய், மிக நுண்ணிய பிளவுகளோடு இருக்கும். மூடிக்குள் ஒளிந்திருந்த தட்டு அப்படியே இருக்கும். இந்த வேறுபாடு இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். உள்ளும் புறமும் ஒரே அளவு மங்கியிருந்தால் குறையும்.

வார்னிஷின் வெடிப்பு படலத்துக்குள்ளேயே பிறந்து படலத்துக்குள்ளேயே முடிந்துவிடும். பழைய எண்ணெய் வார்னிஷில் முதலைத் தோல்போலத் தீவு தீவாகப் பிரியும், தீவுகளின் ஓரம் மழுங்கி உருண்டிருக்கும். கூட்டின் திசைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இப்போது கைவேலைப் பொருள் விற்கும் கடைகளில் வெடிப்பு வரவைக்கும் பூச்சே கிடைக்கிறது. இரண்டு பூச்சு வெவ்வேறு வேகத்தில் காய்வதால் மேல் பூச்சு வலைபோலப் பிளக்கும். அந்த வலை பெட்டி முழுக்க ஒரே அளவாக, அடிப்பாகத்தில்கூட விடாமல் இருக்கும். பிறகு கரியையோ பழுப்புச் சாயத்தையோ தேய்த்து வெடிப்புக்குள் ஏற்றுவார்கள். நிஜ வெடிப்பில் அழுக்கு ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் இருக்கும். சாயம் ஏற்றியதில் எல்லாக் கோடும் ஒரே கருமை. நீங்கள் எழுதியிருக்கும் "மேலெல்லாம் மெல்லிய வெடிப்பு" என்பதில் அந்த "மேலெல்லாம்"தான் எனக்கு உறுத்துகிறது.

வாசனையைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஒரு விதி. அது ஒரு பொருள் அண்மையில் என்ன பட்டது என்று சொல்லும், எத்தனை வயது என்று சொல்லாது.

சோதிக்கும் முறை எளிது. கடையில் சாம்பிராணியோ ஊதுபத்தியோ இருந்தால் பெட்டியை வாசலுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். மூடியை மூடி, இரண்டு உள்ளங்கைகளாலும் ஐந்து நிமிடம் அணைத்துப் பிடியுங்கள். மூக்கருகே வைத்துத் திறந்து, முதல் மூச்சிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டாவது மூச்சுக்குள் மூக்குப் பழகிவிடும். பிறகு வெளிப்பக்கத்தில் ஒரு இடத்தில் வாயால் ஆவி ஊதி, உடனே முகர்ந்து பாருங்கள்.

நகப்பூச்சு வாசனை வந்தால் தின்னர் கலந்த செயற்கை லேக்கர். நம் பட்டறைகளில் என்.சி. என்று சொல்வது, நகப்பூச்சில் உள்ள அதே நைட்ரோசெல்லுலோஸ்தான், அதைக் கரைக்கும் திரவங்களும் ஒத்தவை, வாசனை ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. ஆளி விதை எண்ணெய் வாசனை என்றால் எண்ணெய் வார்னிஷ். புளித்துப்போன, கொஞ்சம் காரமான வாசனை என்றால் தித்சி, ஆனால் புதிய தித்சி. புதிதாகச் செய்த நிஜ லேக்கர் பெட்டி, மூடியே வைத்திருந்தால் மாதக்கணக்கில் அப்படி மணக்கும். பகானில் இன்றும் இந்தத் தொழில் நடக்கிறது, 1924-லேயே அங்கே இதற்கென்று அரசுப் பள்ளி தொடங்கினார்கள். ஆகவே "பர்மா லேக்கர்" என்பது உண்மையாகவும் "நூறு வருஷம்" என்பது பொய்யாகவும் ஒரே பெட்டியில் இருக்க முடியும்.

நிஜப் பழைய பெட்டியில் லேக்கர் வாசனையே இருக்காது. வருவதெல்லாம் அதில் வாழ்ந்த பொருள்களின் வாசனை: காய்ந்த வெற்றிலை, புகையிலை, சூடம், அந்துருண்டை, அலமாரிப் பூஞ்சை. அதிலும் உட்புறத்தில்தான் வரும். பழசாக்குவதற்காகத் தேயிலைத் தண்ணீரில் துடைத்து, புகை போட்டு எடுத்த பெட்டியில் அடிப்பாகமும் வெளிப்பக்கமும்கூட ஒரே வாசனை அடிக்கும். தின்னர் வாசனை இல்லை என்பதாலும் பழசு என்று ஆகிவிடாது. வெயிலில் சில வாரம் வைத்தால் அது போய்விடும்.

இப்போது நான் தவறிய இடம். 2019-இல் பெசன்ட் நகரில் ஒரு குடும்பம், பாட்டி விட்டுச்சென்ற பொருள்களைப் பிரித்துக்கொள்ளும்போது என்னைக் கூப்பிட்டது. பாட்டி மோல்மீனில் பிறந்தவர், அறுபதுகளில் பர்மாவிலிருந்து தமிழர்கள் திரும்பியபோது கப்பலில் வந்தவர். பொருள்களில் சிவப்பு வெற்றிலைப் பெட்டி ஒன்று. ஒரு சாண் உயரம். பளபளவென்று இருந்தது, மேலே வலைபோல நுண்ணிய வெடிப்பு, திறந்ததும் நகப்பூச்சு வாசனை. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் காட்ட, நான் லென்ஸை எடுக்காமலேயே, "இது பழையதில்லை, வார்னிஷ் போட்டது" என்று சொல்லிவிட்டேன். அது யாருக்கும் வேண்டாத பொருளாகிச் சின்ன மருமகளிடம் போனது.

நான்கைந்து மாதம் கழித்து அவர் தட்டின் ஓரம் உடைந்துவிட்டது, ஒட்ட முடியுமா என்று எடுத்து வந்தார். உடைந்த ஓரத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூங்கில் நாடா, அதன்மேல் பழுப்புப் பட்டி, கருப்பு, சிவப்பு என்று முழு வரிசையும் அங்கே இருந்தது. உடனே மூடியின் கீழ்விளிம்பை லென்ஸில் பார்த்தேன். அங்கே அதே வரிசைக்கு மேலே, மஞ்சள் கலந்த ஒரு தெளிந்த படலம் கூடுதலாக இருந்தது. ஓரிடத்தில் வழிந்து துளியாக உறைந்திருந்தது. மூடியின் உள்பக்கத்தில் அந்தப் படலம் இல்லை.

முடிவான சான்று பழைய காயங்களில் கிடைத்தது. மூடியில் முன்பே சில்லு பெயர்ந்த மூன்று இடங்களிலும் அந்தப் படலம் காயத்துக்குள் இறங்கி, பட்டியின்மேலும் மூங்கிலின்மேலும் படிந்திருந்தது. அப்படியென்றால் பெட்டி அடிபட்டுத் தேய்ந்த பிறகுதான் அது பூசப்பட்டிருக்கிறது. வெடிப்பும் இரண்டு தலைமுறையாக இருந்தது. மூங்கில் சுற்றை ஒட்டி ஓடிய ஆழமான வெடிப்புகளில் படலம் நிரம்பி வழுவழுவென்றிருந்தது. நான் பார்த்து ஏமாந்த வலை வெடிப்போ படலத்துக்குள் மட்டும் இருந்தது. உறைந்த துளியின்மேல் மட்டும், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்தேன். இளகி ஒட்டியது. பக்கத்தில் இருந்த கருப்புப் பூச்சு அந்த ஈரத்துக்கு அசையவில்லை.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. வீட்டில் கல்யாணம் என்று கதவு ஜன்னலுக்கெல்லாம் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். வேலை செய்தவர் அன்போடு பாட்டியின் பெட்டிக்கும் ஒரு கோட் அடித்துக் கொடுத்திருக்கிறார். உள் தட்டுகளை அவர் தொடவில்லை. அவற்றின் அடியில் மங்கிய கருப்பு, சுண்ணாம்புக் கறை, காசுக்கட்டிச் சிவப்பு எல்லாம் அப்படியே இருந்தன. முதல் நாளே தட்டைத் தூக்கிக் கவிழ்த்திருந்தால் நான் அந்தப் பேச்சையே பேசியிருக்க மாட்டேன். அந்தக் குடும்பத்தில் எல்லோரிடமும் போய் என் தவறைச் சொன்னேன்.

வயதை அப்போதும் நான் சொல்லவில்லை. பெட்டி நிஜ லேக்கர், நீண்டகாலம் வெற்றிலைக்குப் பயன்பட்டது, மேல்பூச்சு புதிது, இவ்வளவுதான் பெட்டி சொல்கிறது. அறுபதுகளுக்கு முந்தையது என்பதற்குப் பாட்டியின் கதைதான் ஆதாரம். எந்த மரத்தின் பால் என்பதை ஆய்வகத்தில் துணுக்கெடுத்துச் சூடாக்கிப் பிரித்துப் பார்த்து உறுதிசெய்யலாம். அதுவும் ஆண்டைச் சொல்லிவிடாது.

அந்த மேல்படலத்தை எடுக்கச் சொல்லி மருமகள் கேட்டார். நான் எடுக்கவில்லை. இறுகிய மரப்பால் கரைப்பானுக்கு அசையாது என்பது நல்ல நிலையில் உள்ள பூச்சுக்குத்தான் பொருந்தும். வெயிலில் நைந்த பழைய பூச்சு தண்ணீர் பட்டாலே வெளுக்கும், தங்கத்தாள் ஒட்டிய வேலை என்றால் துடைப்பிலேயே போய்விடும். இதனால்தான் கடையில் நீங்களும் ஸ்பிரிட்டையோ நகப்பூச்சு அழிப்பானையோ எடுக்கக் கூடாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அது நிரந்தரக் காயம்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். பகல் வெளிச்சத்தில் போங்கள். முதலில் விளிம்பை லென்ஸில் பாருங்கள், அடுத்து மூடியைத் தூக்கி எடையைப் பாருங்கள், பிறகு உள் தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பூசவும் பழசாக்கவும் வந்தவர்கள் பெரும்பாலும் சோம்பிவிடும் இடம் அது. அங்கே மூங்கில் வளையமும் கறையும் இருந்து, மூடியின்மேல் மட்டும் கண்ணாடிப் படலமும் வலை வெடிப்பும் இருந்தால் உங்களிடம் இருப்பது பெசன்ட் நகர் பெட்டியின் தம்பி. தச்சர் கண்டது மேல்பூச்சை, கடைக்காரர் சொல்வது அடியில் உள்ளதை. அப்போது வயதைப் பற்றிய பேச்சைத் தனியாக வைத்து, மேல்பூச்சு கெடுத்த பெட்டி என்று விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடியிலும் அதே படலம், அதே வலை, கனமான மரம் என்றால் தச்சர் சொன்னதுதான் சரி, 18,000 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: மூடியின் கீழ்விளிம்பு லென்ஸ் வழியாக, உள் தட்டின் அடிப்பாகம், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த வெடிப்பு. பெட்டியின் முழு உருவப் படம் வேண்டாம், அதில் எதுவும் தெரியாது.